ஞாயிற்றில் பிறக்கும் மாதங்கள்: 13ஆம் தேதி வெள்ளி எந்தெந்த மாதத்தில் வரும்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஒவ்வொரு மாதமும் என்ன கிழமையில் பிறக்கிறது என்று தெரியும். அதை வைத்து எந்த மாதத்தில் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை வரும் என்று எப்படிச் சொல்வது?

முதல் தேதி ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும் மாதங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் 13ஆம் தேதி வெள்ளி. மற்ற எந்த மாதத்திலும் இல்லை. லீப் வருடமா, மாதத்துக்கு எத்தனை நாள் என்பதெல்லாம் இந்தக் கட்டத்தில் தேவையே இல்லை. ஏனென்றால் 1 முதல் 13 வரை எல்லா மாதமும் ஒரே மாதிரிதான் ஓடுகிறது.

வெள்ளியைத் தேடுகிறோம், ஞாயிறு எங்கிருந்து வந்தது?

1ஆம் தேதி ஞாயிறு என்றால் 8ஆம் தேதியும் ஞாயிறு. அங்கிருந்து விரல்விட்டு எண்ணினால் 9 திங்கள், 10 செவ்வாய், 11 புதன், 12 வியாழன், 13 வெள்ளி. கணக்காகச் சொன்னால், 1இலிருந்து 13க்குப் போக 12 நாள் நகர வேண்டும். 12ஐ 7ஆல் வகுத்தால் மீதி 5. ஞாயிற்றிலிருந்து ஐந்து நாள் தள்ளினால் வெள்ளி.

பலர் சறுக்கும் இடம் இந்த 12தான். 13ஆம் தேதி என்பதால் 13 நாள் கூட்டிவிடுவார்கள். அப்போது மீதி 6 என்று வந்து, சனிக்கிழமையில் பிறக்கும் மாதங்கள் விடையாகக் கிடைக்கும். அந்த மாதங்களில் 13ஆம் தேதி உண்மையில் வியாழன். விடையில் வந்த மாதத்தின் 13ஆம் தேதியை நாட்காட்டியில் பார்த்தால் வியாழன் நிற்கிறது என்றால், ஒரு நாளைக் கூடுதலாக எண்ணிவிட்டீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

எனக்குப் பன்னிரண்டு மாதத்தின் கிழமையும் தெரியாது. ஜனவரி 1 என்ன கிழமை என்பது மட்டும் தெரியும். போதுமா?

போதும், கூடவே அது லீப் வருடமா என்றும் தெரிய வேண்டும். கிழமைகளுக்கு எண் கொடுத்துக்கொள்ளுங்கள்: ஞாயிறு 0, திங்கள் 1, செவ்வாய் 2, புதன் 3, வியாழன் 4, வெள்ளி 5, சனி 6. ஞாயிற்றுக்கு 0 கொடுப்பதில் ஒரு வசதி இருக்கிறது: தேடும் மாதங்கள் எல்லாம் 0 என்று பளிச்செனத் தெரியும்.

இனி ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதத்தின் பிறப்பை எத்தனை கிழமை தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். 31 நாள் மாதம் 3 தள்ளும், 30 நாள் மாதம் 2 தள்ளும், 28 நாள் பிப்ரவரி தள்ளவே தள்ளாது, 29 நாள் பிப்ரவரி 1 தள்ளும். எல்லாம் 7ஆல் வகுத்த மீதிதான்.

2026ஐ முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஜனவரி 1 வியாழன், அதாவது 4.

ஜனவரிக்கு 31 நாள், ஆகவே 4 + 3 = 7; ஏழைக் கழித்தால் 0. பிப்ரவரி ஞாயிற்றில் பிறக்கிறது. முதல் மாதம் கிடைத்துவிட்டது. 2026 லீப் வருடம் அல்ல, பிப்ரவரி எதையும் தள்ளாது, மார்ச்சும் 0. இரண்டாவது மாதம். மார்ச்சுக்கு 31, ஏப்ரல் 3. ஏப்ரலுக்கு 30, மே 5. மேவுக்கு 31, 8 வருகிறது, ஜூன் 1. ஜூனுக்கு 30, ஜூலை 3. ஜூலைக்கு 31, ஆகஸ்ட் 6. ஆகஸ்டுக்கும் 31, 9 வருகிறது, செப்டம்பர் 2. செப்டம்பருக்கு 30, அக்டோபர் 4. அக்டோபருக்கு 31, 7 வருகிறது, நவம்பர் 0. மூன்றாவது மாதம். நவம்பருக்கு 30, டிசம்பர் 2.

ஆக, 2026இல் பிப்ரவரி 13, மார்ச் 13, நவம்பர் 13 மூன்றும் வெள்ளி.

டிசம்பரோடு நிறுத்தாமல் இன்னொரு படி போவது நல்லது. டிசம்பருக்கு 31 நாள், 2 + 3 = 5; அடுத்த ஜனவரி 1 வெள்ளி. சாதாரண வருடத்துக்கு 365 நாள், மீதி 1, ஆகவே அடுத்த வருடம் ஒரு கிழமை தள்ளித்தான் பிறக்க வேண்டும்: வியாழன் வெள்ளியானது, சரி. லீப் வருடமானால் இரண்டு கிழமை தள்ள வேண்டும். வழியில் எங்காவது ஒரு கூட்டலில் தவறியிருந்தால் பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில் அகப்பட்டுவிடும்.

நான் இதே மாதிரிதான் போட்டேன், ஆனால் வேறு மாதங்கள் வருகின்றன. எங்கே தப்பு?

அநேகமாக எந்த மாதத்தின் நாளைக் கூட்டுகிறோம் என்பதில் குழப்பம். மார்ச் பிறக்கும் கிழமையைக் கண்டுபிடிக்கப் பிப்ரவரியின் நாட்களைக் கூட்ட வேண்டும், மார்ச்சின் நாட்களை அல்ல. முடிந்த மாதம்தான் தள்ளும். பிறக்கப்போகும் மாதம் இன்னும் ஒரு நாள்கூட ஓடவில்லை.

இந்தத் தவறு இருந்தால் பிப்ரவரியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். சாதாரண வருடத்தில் பிப்ரவரியும் மார்ச்சும் ஒரே கிழமையில் பிறக்கும். உங்கள் தாளில் ஜனவரியும் பிப்ரவரியும் ஒரே கிழமையாக இருந்து, மார்ச் மூன்று தள்ளிப் போயிருந்தால், ஒரு மாதம் முன்னதாகவே கூட்டிவிட்டீர்கள்.

ஜூலையும் ஆகஸ்டும் அடுத்தடுத்து 31 நாள் என்பதை மறந்து ஆகஸ்டுக்கு 30 போடுவது இன்னொரு வழக்கமான சறுக்கல். அப்படிச் செய்தால் ஆகஸ்ட் வரை சரியாக இருந்து, செப்டம்பரிலிருந்து எல்லாம் ஒரு கிழமை பின்தங்கும்.

ஜனவரி 1 என்ன கிழமை என்பதே தெரியாவிட்டால்?

அதற்குக் கணித மேதை காஸ் தந்த சூத்திரம் ஒன்று உண்டு. வருடத்திலிருந்து 1ஐக் கழித்து, அந்த எண்ணை 4, 100, 400 ஆகியவற்றால் வகுத்து மீதிகளை எடுக்க வேண்டும்.

```
w = (1 + 5*((Y-1) % 4) + 4*((Y-1) % 100) + 6*((Y-1) % 400)) % 7
```

விடை 0 என்றால் ஞாயிறு, 6 என்றால் சனி. மேலே கொடுத்த எண்களேதான். 2026க்குப் போட்டுப் பார்த்தால், 2025ஐ 4ஆல் வகுத்த மீதி 1, 100ஆல் வகுத்த மீதி 25, 400ஆல் வகுத்த மீதியும் 25. ஆகவே 1 + 5 + 100 + 150 = 256. 7 × 36 = 252, மீதி 4. வியாழன்.

வருடத்தில் 1ஐக் கழிக்க மறக்காதீர்கள். முடிந்துபோன வருடங்களைத்தான் இந்தச் சூத்திரம் எண்ணுகிறது, நடப்பு வருடத்தை அல்ல.

பன்னிரண்டு மாதமும் நடந்து போகாமல் சுருக்கமான வழி இல்லையா?

இருக்கிறது, அதுவும் அழகானது. மே முதல் நவம்பர் வரை ஏழு மாதங்கள். மே பிறக்கும் கிழமையை 0 என்று வைத்து அங்கிருந்து தள்ளிக்கொண்டே போனால் ஜூன் 3, ஜூலை 5, ஆகஸ்ட் 1, செப்டம்பர் 4, அக்டோபர் 6, நவம்பர் 2. ஏழு மாதத்துக்கும் ஏழு வெவ்வேறு எண். அதாவது இந்த ஏழு மாதங்களும் ஆளுக்கொரு கிழமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்றுகூட விடுபடுவதில்லை, ஒன்றுகூட இரண்டு முறை வருவதில்லை. பிப்ரவரி இந்த வரிசைக்குள் இல்லாததால் லீப் வருடம் இதைத் தொடுவதும் இல்லை.

அதனால் எந்த வருடமானாலும் மே முதல் நவம்பருக்குள் 13 வெள்ளி ஒரே ஒரு முறை வரும். அந்த ஒரு மாதத்தைப் பிடித்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது. மீதி ஐந்து மாதங்களில் வருகிறதா என்பதை அந்த மாதத்தின் கூட்டாளிகளைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

எப்போதும் ஒரே கிழமையில் பிறக்கும் கூட்டாளிகள் மூன்று ஜோடி: மார்ச்சும் நவம்பரும், ஏப்ரலும் ஜூலையும், செப்டம்பரும் டிசம்பரும். இவை லீப் வருடத்திலும் மாறாது, எல்லாமே பிப்ரவரிக்குப் பிந்தைய மாதங்கள் என்பதால். ஜனவரியும் பிப்ரவரியும்தான் கட்சி மாறுபவை. சாதாரண வருடத்தில் ஜனவரி அக்டோபரோடும், பிப்ரவரி மார்ச்–நவம்பர் ஜோடியோடும் சேரும். லீப் வருடத்தில் ஜனவரி ஏப்ரல்–ஜூலை ஜோடியோடும், பிப்ரவரி ஆகஸ்டோடும் சேரும். மேவுக்கும் ஜூனுக்கும் எந்த வருடத்திலும் கூட்டாளி கிடையாது.

ஓர் உதாரணம். 2032இல் ஆகஸ்ட் 1 ஞாயிறு என்று தெரிந்தால், மே–நவம்பருக்குள் அது ஒன்றுதான். 2032 லீப் வருடம், ஆகவே ஆகஸ்டோடு பிப்ரவரியும் வரும். விடை: பிப்ரவரி, ஆகஸ்ட். வேறு எந்த மாதத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

இதை ஓர் அட்டவணையாகப் போட்டுத் தர முடியுமா?

| ஜனவரி 1 | சாதாரண வருடம் | லீப் வருடம் |
|---|---|---|
| ஞாயிறு | ஜனவரி, அக்டோபர் | ஜனவரி, ஏப்ரல், ஜூலை |
| திங்கள் | ஏப்ரல், ஜூலை | செப்டம்பர், டிசம்பர் |
| செவ்வாய் | செப்டம்பர், டிசம்பர் | ஜூன் |
| புதன் | ஜூன் | மார்ச், நவம்பர் |
| வியாழன் | பிப்ரவரி, மார்ச், நவம்பர் | பிப்ரவரி, ஆகஸ்ட் |
| வெள்ளி | ஆகஸ்ட் | மே |
| சனி | மே | அக்டோபர் |

வருடங்கள் இந்தப் பதினான்கு கட்டங்களுக்குள்தான் அடங்கும். 2027 வெள்ளியில் பிறக்கும் சாதாரண வருடம், ஆகவே ஆகஸ்ட் மட்டும். 2028 சனியில் பிறக்கும் லீப் வருடம், அக்டோபர் மட்டும். 2029 திங்களில் பிறக்கிறது, ஏப்ரலும் ஜூலையும்.

13 வெள்ளியே வராத வருடம் உண்டா? அதிகபட்சம் எத்தனை முறை வரும்?

வராத வருடம் கிடையாது. மே–நவம்பருக்குள் ஒன்று கட்டாயம் என்று மேலே பார்த்தோம். அதிகபட்சம் மூன்று. அது இரண்டே வகையில்தான் நடக்கும்: வியாழனில் பிறக்கும் சாதாரண வருடம், அல்லது ஞாயிற்றில் பிறக்கும் லீப் வருடம். முதல் வகைக்கு 2009, 2015, 2026, 2037. இரண்டாம் வகைக்கு 2012, அடுத்து 2040.

அடுத்தடுத்த இரண்டு மாதங்களில் 13 வெள்ளி வருவது முதல் வகையில் மட்டும்தான், பிப்ரவரியிலும் மார்ச்சிலும். உங்கள் விடையில் வேறு எந்த அடுத்தடுத்த ஜோடி வந்தாலும், அதாவது ஜூலை–ஆகஸ்ட் மாதிரி ஏதாவது வந்தால், கணக்கு தப்பு என்று யோசிக்காமல் சொல்லிவிடலாம். 28 நாள் மாதம் ஒன்றுதான் கிழமையைத் தள்ளாமல் விடும்.

நீண்ட இடைவெளி 14 மாதம். 2027 ஆகஸ்ட் 13க்குப் பிறகு 2028 அக்டோபர் 13 வரை காத்திருக்க வேண்டும். 2029 ஜூலைக்குப் பிறகும் அப்படியே, 2030 செப்டம்பரில்தான் அடுத்தது.

நான்கால் வகுபட்டால் லீப் வருடம் என்று எடுத்துக்கொண்டால் போதாதா?

1901 முதல் 2099 வரை போதும். அதைத் தாண்டினால் போதாது. நூறால் வகுபடும் வருடம் 400ஆலும் வகுபட்டால்தான் லீப். 2000 லீப், 1900 அல்ல, 2100 அல்ல.

2100ஐயே எடுத்துக்கொள்வோம். அதன் ஜனவரி 1 வெள்ளி. லீப் என்று நினைத்து அட்டவணையைப் பார்த்தால் மே என்று வரும். உண்மையில் அது சாதாரண வருடம், விடை ஆகஸ்ட். மாதக் கணக்கு மொத்தமும் சரியாக இருந்தும், இல்லாத ஒரு பிப்ரவரி 29ஐச் சேர்த்ததால் விடை மூன்று மாதம் விலகிப்போகிறது.

நிரலாக எழுதுவது எப்படி?

பைத்தானில் ஒரு வரி போதும். `calendar.monthrange` இரண்டு எண்களைத் தரும்: மாதம் பிறக்கும் கிழமை, மாதத்தின் நாட்கள். முதல் எண்ணை மட்டும் பார்க்கிறோம்.

```python
import calendar

def friday13(year):
    return [m for m in range(1, 13)
            if calendar.monthrange(year, m)[0] == 6]

print(friday13(2026))   # [2, 3, 11]
```

நூலகத்தை நம்பாமல், ஜனவரி 1இன் கிழமையை உள்ளீடாகக் கொடுத்து எழுத வேண்டுமென்றால், தாளில் செய்ததையே செய்யலாம்:

```python
def from_jan1(w, leap):          # 0 = Sunday
    days = [31, 29 if leap else 28, 31, 30, 31, 30,
            31, 31, 30, 31, 30, 31]
    out = []
    for m, d in enumerate(days, 1):
        if w == 0:
            out.append(m)
        w = (w + d) % 7
    return out
```

சோதனை முதலில், கூட்டல் பிறகு. இந்த இரண்டு வரிகளும் இடம் மாறினால், மேலே சொன்ன அதே "ஒரு மாதம் முன்னதாகக் கூட்டிய" தவறு நிரலுக்குள் வந்துவிடும். `from_jan1(4, False)` என்று ஓட்டினால் `[2, 3, 11]` வர வேண்டும். வரிகள் இடம் மாறியிருந்தால் `[1, 2, 10]` வரும்.

நிரல் ஓடுகிறது, ஆனால் 2026க்கு ஜூன் மட்டும் வருகிறது. என்ன ஆச்சு?

திங்களில் பிறக்கும் மாதங்களைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். 2026இல் திங்களில் பிறப்பது ஜூன் மட்டும்தான். இதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

பைத்தான் என்றால், ஞாயிறு 0 என்ற நினைப்பில் `== 0` என்று எழுதியிருப்பீர்கள். பைத்தானின் `weekday()`, `monthrange()` இரண்டிலும் திங்கள்தான் 0, ஞாயிறு 6. `isoweekday()` என்றால் திங்கள் 1, ஞாயிறு 7. சி மொழியின் `tm_wday`, ஜாவாஸ்கிரிப்டின் `getDay()` இரண்டிலும் ஞாயிறு 0. மொழிக்கு மொழி வழக்கம் வேறு, எதையும் ஊகிக்காமல் தெரிந்த ஒரு தேதியைக் கொடுத்து எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது. 2026 பிப்ரவரி 1 ஞாயிறு. அதற்கு என்ன எண் வருகிறதோ அதுதான் நீங்கள் ஒப்பிட வேண்டிய எண்.

ஜாவாஸ்கிரிப்ட் என்றால் காரணம் வேறு. `new Date("2026-06-01")` என்று எழுத்துச் சரமாகக் கொடுத்தால் அது உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளப்படும். `getDay()` ஆனால் கணினியின் உள்ளூர் நேரப்படி கிழமை சொல்லும். பொது நேரத்துக்குப் பின்தங்கிய பகுதிகளில், உதாரணமாக அமெரிக்காவில், அப்போது இன்னும் முந்தைய நாள் மாலைதான். ஜூன் 1 திங்கள், மே 31 ஞாயிறாகத் தெரியும். ஜூன் விடையில் ஏறிவிடும். பொது நேரத்தை ஒட்டியோ முந்தியோ இருக்கும் பகுதிகளில் அதே நிரல் சரியாக ஓடும் என்பதுதான் இதில் வம்பு: எழுதியவர் கணினியில் பிழை தெரியவே தெரியாது. எண்களாகக் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை:

```javascript
const out = [];
for (let m = 0; m < 12; m++)
  if (new Date(2026, m, 1).getDay() === 0) out.push(m + 1);
```

இங்கே மாதம் 0இலிருந்து தொடங்குகிறது. `m + 1` போடாமல் விட்டால் விடை 1, 2, 10 என்று வரும். பிப்ரவரி, மார்ச், நவம்பருக்குப் பதில் எல்லாம் ஒரு மாதம் குறைந்து தெரிந்தால் காரணம் இதுவா, அல்லது முந்தைய பதிலில் சொன்ன வரி மாற்றமா என்று பாருங்கள். அறிகுறி இரண்டுக்கும் ஒன்றே.

எக்செலில் செய்ய முடியுமா?

A2இல் வருடம், B2இல் மாத எண் இருந்தால் இந்தச் சூத்திரம் போதும். விடை TRUE என்றால் அந்த மாதத்தில் 13 வெள்ளி.

```
=WEEKDAY(DATE(A2,B2,1))=1
```

இரண்டாவது மதிப்பு எதுவும் கொடுக்காதபோது எக்செலில் ஞாயிறு 1. `WEEKDAY(...,2)` என்று எழுதினால் ஞாயிறு 7 ஆகிவிடும், ஒப்பிடும் எண்ணையும் மாற்ற வேண்டும்.

1900 ஜனவரி, பிப்ரவரிக்கு மட்டும் எக்செலை நம்பாதீர்கள். அது 1900ஐ லீப் வருடமாக எண்ணுகிறது. அதன் விளைவாக அந்த இரண்டு மாதங்களின் கிழமையும் ஒரு நாள் பின்தங்கிக் கிடக்கிறது. 1900 ஜனவரி 1 உண்மையில் திங்கள், எக்செல் ஞாயிறு என்கிறது. ஆகவே ஜனவரிக்கு TRUE வரும். அந்த 13ஆம் தேதி உண்மையில் சனி. மார்ச் 1இலிருந்து சரியாகிவிடும். 1900க்கான சரியான விடை ஏப்ரலும் ஜூலையும்.

மிகப் பழைய வருடங்களுக்கும் இதே முறை செல்லுமா?

முதல் தேதி ஞாயிறானால் 13 வெள்ளி என்பது, மாதம் இடையில் அறுபடாமல் ஓடும்வரை செல்லும். அறுபட்ட மாதங்கள் இருந்திருக்கின்றன. 1582 அக்டோபரில் கிரெகோரியன் முறைக்கு மாறிய நாடுகளில் 4ஆம் தேதி வியாழனுக்கு மறுநாள் 15ஆம் தேதி வெள்ளி. பிரிட்டனிலும் அதன் ஆட்சிப் பகுதிகளிலும் 1752 செப்டம்பர் 2 புதனுக்கு மறுநாள் செப்டம்பர் 14 வியாழன். அந்த இரண்டு மாதங்களிலும் 13ஆம் தேதி என்ற ஒன்றே இல்லை.

மாறுதலுக்கு முந்தைய தேதிகளில் லீப் விதியும் வேறு, நான்கால் வகுபடும் எல்லா வருடமும் லீப். பைத்தானின் `calendar` இதையெல்லாம் பார்க்காமல் இன்றைய விதியையே பின்னோக்கி நீட்டிக் கணக்கிடும். காஸ் சூத்திரமும் அப்படித்தான். லினக்ஸில் `cal 9 1752` என்று அடித்துப் பார்த்தால் பல கணினிகளில் அந்தப் பதினொரு நாள் ஓட்டை கண்ணெதிரே தெரியும்.

13 வெள்ளிக்குப் பதிலாக வேறு தேதி, வேறு கிழமை தேட வேண்டுமானால்?

தேதியிலிருந்து 1ஐக் கழித்து, 7ஆல் வகுத்து, வரும் மீதியளவு கிழமையைப் பின்னோக்கித் தள்ளுங்கள். கிரீஸிலும் ஸ்பெயினிலும் கூடாத நாளாகக் கருதப்படும் 13 செவ்வாய்க்கு, செவ்வாயிலிருந்து ஐந்து நாள் பின்னால் போனால் வியாழன். வியாழனில் பிறக்கும் மாதங்களைத் தேட வேண்டும். இத்தாலியில் 17 வெள்ளி. 16ஐ 7ஆல் வகுத்தால் மீதி 2, வெள்ளியிலிருந்து இரண்டு நாள் பின்னால் புதன்.

மே–நவம்பர் விதியும் கூட்டாளி மாதங்களும் எந்தக் கிழமைக்கும் அப்படியே பொருந்தும், 28ஆம் தேதி வரை. 29, 30, 31க்குப் போகும்போது அந்த மாதத்தில் அந்தத் தேதி இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். 31 வெள்ளியைத் தேடினால் புதனில் பிறக்கும் மாதங்கள் வரும், ஆனால் அந்த மாதம் ஜூனாகவோ செப்டம்பராகவோ இருந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

13ஆம் தேதி மற்ற கிழமைகளைவிட வெள்ளியில்தான் அதிகம் வருகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஆனால் மயிரிழை வித்தியாசம். கிரெகோரியன் நாட்காட்டி 400 வருடத்துக்கு ஒருமுறை கிழமை மாறாமல் அப்படியே திரும்புகிறது. அந்த 400 வருடத்தின் 1,46,097 நாட்கள் மிகச் சரியாக 20,871 வாரங்கள். அதற்குள் வரும் 4,800 மாதங்களில் 13ஆம் தேதி வெள்ளியில் 688 முறை, ஞாயிற்றிலும் புதனிலும் 687 முறை, திங்களிலும் செவ்வாயிலும் 685 முறை, வியாழனிலும் சனியிலும் 684 முறை வருகிறது. நிரல் எழுதியவர்கள் இதையே கடைசிச் சோதனையாக வைத்துக்கொள்ளலாம்: 2001 முதல் 2400 வரை `friday13` தரும் மாதங்களை எண்ணினால் மொத்தம் 688 வர வேண்டும். 684 வந்தால் முதல் தேதி சனியாகவோ திங்களாகவோ இருக்கும் மாதங்களை எண்ணியிருக்கிறீர்கள். ஏனென்றால் அவற்றின் 13ஆம் தேதிதான் முறையே வியாழனிலும் சனியிலும் விழும். இரண்டு கிழமைக்கும் 684தான். எந்த எண் வருகிறதோ அது எந்தக் கிழமையின் எண் என்று மேலே உள்ள வரிசையில் பார்த்தால், நிரல் எந்த 13ஐ எண்ணியது என்று தெரிந்துவிடும்.